போன் மாறினால் விரலும் மாற வேண்டும்

காபிப் பொடி விளம்பரம் ஒன்றுக்கு ஒரு படம் வேண்டும். கிடைத்திருப்பதோ, ஒரு பெண் பீங்கான் மக்கைக் கையில் பிடித்துச் சிரிக்கும் படம். முகம் பிரமாதம், வெளிச்சம் பிரமாதம். மக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பித்தளை டம்ளரை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். டிசைனர் அதைச் செய்தும் கொடுத்துவிடுவார். டம்ளர் பளபளவென்று இருக்கும். ஆனால் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஏதோ உறுத்தும். எது என்று சொல்லத் தெரியாது.

உறுத்துவது கைதான். மக்கைப் பிடிப்பவரின் ஆள்காட்டிவிரலும் நடுவிரலும் காதுக்குள் நுழைந்திருக்கும், கட்டைவிரல் காதின் மேல்வளைவில் அழுத்தியிருக்கும். சூடான காபி டம்ளரை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. அதன் விரிந்த விளிம்புக்குக் கீழே கட்டைவிரலும் மற்ற விரல்களின் நுனியும் மட்டும் படும். உள்ளங்கை டம்ளரைத் தொடாது, ஏனென்றால் சுடும். காதைப் பிடித்த கையில் டம்ளரை ஒட்டினால், விரல்கள் இல்லாத ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

கையில் இருக்கும் பொருளைப் படத்தில் மாற்றுவது விளம்பரத் துறையிலும் அச்சகங்களிலும் அடிக்கடி வரும் வேலை. போன் கம்பெனி புது மாடல் விடுகிறது, பழைய படத்தில் புதுப் போனை வைக்கச் சொல்கிறார்கள். டீத்தூள் விற்பவர் தன் பெயர் அச்சிட்ட கப்பை மாடலின் கையில் பார்க்க ஆசைப்படுகிறார். பொருளை வெட்டி ஒட்டுவது போட்டோஷாப்பைக் கற்றுக்கொண்ட முதல் வாரத்திலேயே கைவந்துவிடும். விரல்கள்தான் கடினம். ஒரு பொருளைப் பிடித்த கையில் அந்தப் பொருளின் அகலம், கனம், சூடு, வழுவழுப்பு எல்லாம் பதிந்திருக்கும். பொருளை எடுத்த பிறகும் அந்தப் பதிவு கையிலேயே தங்கிவிடுகிறது. புதுப் பொருள் அதற்கு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் விரல்களைப் புதுப் பொருளுக்கு ஏற்பத் திருத்த வேண்டும்.

ஒரு போன் மாற்றத்தை அடியிலிருந்து பார்ப்போம். பழைய படத்தில் இருப்பது ஐபோன் 5. அகலம் 58.6 மில்லிமீட்டர், உயரம் 123.8. அதன் இடத்தில் வர வேண்டியது ஐபோன் 6 ப்ளஸ். அகலம் 77.8, உயரம் 158.1. இடது கை, போன் கேமராவை நேராகப் பார்க்கிறது. கட்டைவிரல் இடது ஓரத்தைத் தாண்டித் திரைமேல் கிடக்கிறது. மற்ற விரல்கள் பின்பக்கமாகச் சுற்றி வலது ஓரத்தில் எட்டிப் பார்க்கின்றன. நகங்கள் தெரிகின்றன.

முதல் வேலை அளப்பது. பழைய போன் படத்தில் 1,172 புள்ளி அகலம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டருக்கு 20 புள்ளி. அந்தக் கணக்கில் புதுப் போன் 1,556 புள்ளி அகலம் இருக்க வேண்டும், ஒன்று கூடவும் கூடாது குறையவும் கூடாது. இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். பழைய போன் இருந்த கட்டத்துக்குள் புதுப் போனைச் சுருக்கிப் பொருத்திவிடுவார்கள். விரல்கள் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், வேலை பத்தே நிமிடத்தில் முடியும். ஆனால் அந்த மாடலைக் கையில் வைத்திருப்பவர் படத்தைப் பார்த்ததும், ‘இது பொம்மை போன் மாதிரி இருக்கிறதே’ என்பார். அளவைச் சொல்வது கைதான். கை அப்படியே இருக்கும்போது போன் சுருங்கினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

ஆக, 384 புள்ளி அகலம் கூடுகிறது. கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர். அதை எந்தப் பக்கம் தள்ளுவது? போனின் இடது ஓரம் கட்டைவிரலின் அடிச்சதையில் பதிந்திருக்கிறது. அது நகராத இடம். பெரிய போனைப் பிடித்தாலும் கை அந்த இடத்தில்தான் போனைத் தாங்கும். எனவே இடது ஓரத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, கூடுதல் அகலம் முழுவதையும் வலப்பக்கம் விட வேண்டும். உயரத்துக்கும் இதே விதிதான். சுண்டுவிரல் அடியில் முட்டுக்கொடுத்திருந்தால் கீழ் ஓரம் அசையாது. கூடும் உயரமெல்லாம் மேலேதான் போகும். போனின் நடுப்புள்ளியைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் சமமாகப் பெரிதாக்கினால், கட்டைவிரலின் சதைக்குள் போன் புதைந்துபோகும்.

இனி வலப்பக்க விரல்கள். இவற்றில் டிசைனருக்குச் சாதகமான ஒன்று உண்டு. விரலின் நடுப்பகுதி போனுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. வெளியே தெரிவது நுனியும், ஓரத்தைத் தாண்டி வெளியே புடைக்கும் வளைவும் மட்டுமே. போன் ஒளி ஊடுருவாத பொருள். பின்னால் விரல் எவ்வளவு நீள்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. ஆகவே நுனிகளை மட்டும் தனியாக வெட்டி எடுத்து 384 புள்ளி வலப்பக்கம் நகர்த்தினால், அவை புதுப் போனின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வெட்டுவதற்குப் பென் டூல்தான் சரி. விரலின் ஓரம் வழவழப்பான வளைவு. அதைக் கைநடுக்கம் இல்லாமல் வரையக் குறைந்த புள்ளிகள் போதும். ஒரு விரல்நுனிக்கு ஐந்தாறு புள்ளிக்கு மேல் வைத்தால் ஓரம் நெளியத் தொடங்கும். தானாகத் தேர்ந்தெடுக்கும் கருவிகள் விரலும் கறுப்புப் போனும் சந்திக்கும் இடத்தில் ஏமாந்துவிடும். அங்கே நிழல் இருப்பதால் தோலின் ஓரத்தையும் போனின் ஓரத்தையும் அவற்றால் பிரிக்க முடிவதில்லை. வெட்டியதை அழிக்காமல் மாஸ்க்காக வைத்துக்கொள்வது வழக்கம். பிறகு எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போய் ஓரத்தைத் திருத்தலாம். இப்போது லேயர்களின் வரிசை இது: அடியில் பழைய படம், அதன்மேல் புதுப் போன், எல்லாவற்றுக்கும் மேலே கட்டைவிரலும் நாலு நுனிகளும்.

நகர்த்தியதோடு வேலை முடியவில்லை. விரலின் நீளம் மாறாது. சின்னப் போனில் திரைமேல் 15 மில்லிமீட்டர் வரை ஏறிக் கிடந்த நுனி, 19 மில்லிமீட்டர் அகலம் கூடிய போனிலும் அதே அளவு ஏறிக் கிடந்தால், பார்ப்பவர் மனம் பின்னால் மறைந்த விரலைக் கணக்குப் போட்டுவிடும். அசாதாரண நீள விரல் என்று சொல்லிவிடும். நிஜத்தில் பெரிய போனைப் பிடிக்கும்போது உள்ளங்கை கொஞ்சம் விரியும், நுனிகள் ஓரத்தை மட்டும் கவ்வும். எனவே திரைமேல் தெரியும் பாகத்தை வார்ப் கருவியால் குறுக்க வேண்டும். நகத்தைத் தொடக் கூடாது. நகத்துக்கும் மூட்டுக்கும் நடுவில் உள்ள சதையை மட்டும் குறுக்க வேண்டும். நகம் சப்பையானால் மொத்தக் கையும் கெட்டுவிடும். விரல்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் ஒரு சுற்றுக் கூட வேண்டும், ஏனென்றால் அகலமான பொருளைப் பிடிக்கும்போது விரல்கள் சற்று விசிறிக்கொள்ளும்.

எவ்வளவு குறுக்குவது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு கெட்டி அட்டையை 158க்கு 78 மில்லிமீட்டரில் வெட்டி, தன் இடது கையிலேயே பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, சுண்டுவிரல் எங்கே போகிறது, நுனி எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே திரையில் திருத்தலாம். சாதாரண அட்டைதான், ஆனால் இந்த வேலையில் இதைவிட நம்பகமான கருவி இல்லை.

எதிர்த்திசையில் போவது, அதாவது பெரிய போனை எடுத்துவிட்டுச் சின்னதை வைப்பது, முற்றிலும் வேறு கதை. பெரிய போன் மறைத்திருந்த உள்ளங்கையும் விரலின் நடுப்பகுதியும் இப்போது வெளியே தெரிந்தாக வேண்டும். கேமரா அவற்றைப் பார்க்கவே இல்லை. அவற்றை வேறொரு கையிலிருந்து கடன் வாங்க வேண்டும், அல்லது வரைய வேண்டும். உள்ளங்கை ரேகையும் சதை மடிப்பும் வரைந்து வரவழைக்கிற காரியம் அல்ல. அதனால் கை தெரியும் பழைய படத்தில் பொருளை மாற்றச் சொன்னால், அனுபவசாலிகள் முதலில் கேட்கும் கேள்வி புதுப் பொருள் பெரியதா சிறியதா என்பதே.

பொருளும் விரலும் இடம்பிடித்த பிறகும் போன் கையில் இருப்பதுபோல் தெரியாது, கைமேல் மிதக்கும். தொடுகிற இடத்தில் விழும் நிழல் இன்னும் வரவில்லை என்பதே காரணம். ஒரு டம்ளரைப் பிடித்து, விரல் படும் கோட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு நிழல் தெரியும். தோலும் பொருளும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை அகலத்துக்கு அழுத்தமான இருட்டு இருக்கும். வெளிச்சம் புகவே முடியாத சந்து அது. அதைத் தாண்டி, வெளிச்சம் வரும் திசைக்கு எதிர்ப்பக்கமாக மெதுவாகக் கரைந்துபோகும் அகலமான நிழல் இருக்கும். பெரும்பாலான படங்களில் இரண்டாவதைப் போட்டுவிட்டு முதலாவதை விட்டுவிடுகிறார்கள். விரல் பொருளைத் தொடாமல் அதற்கு மேலே நிற்பதுபோல் தோன்றுவது அதனால்தான்.

நிழலின் நிறமும் கறுப்பு அல்ல. தோலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் அந்தச் சந்தைச் செம்பழுப்பாக்கும். போட்டோஷாப்பில் நிழலுக்கு ஒரு லேயர் வைத்து, அதை மல்டிப்ளை முறைக்கு மாற்றி, அதே கையின் இருண்ட மடிப்பிலிருந்து நிறத்தை எடுத்து மெல்லிய பிரஷால் பூசினால் நிழல் தோலோடு சேரும். வெறும் கறுப்பைப் பூசினால் விரலில் அழுக்கு ஒட்டியதுபோல் இருக்கும்.

பழைய பொருள் விட்டுப்போகும் நிறம் இன்னொரு தொல்லை. சிவப்பு மக்கைப் பிடித்திருந்த விரலின் உட்பக்கத்தில் அந்தச் சிவப்பு பட்டுத் தெறித்திருக்கும். மக்கை எடுத்துவிட்டு வெள்ளைப் பேப்பர் கப்பை வைத்தாலும் விரல் ஓரம் சிவந்தே நிற்கும், காய்ச்சல்காரர் கைபோல. ஓரத்தை ஒன்றிரண்டு புள்ளி உள்ளே தள்ளி வெட்டுவதும், மிச்சமிருக்கும் சிவப்பை அந்த இடத்தில் மட்டும் மங்கவைப்பதும் வழி. வெள்ளைக் கப் என்றால் விரலின் உட்பக்கம் கொஞ்சம் வெளுக்கவும் வேண்டும். திரை எரியும் போன் என்றால் கட்டைவிரலின் திரைப்பக்க ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் வேண்டும்.

கப்பை வைக்கும்போது வாயின் வட்டத்தைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது அந்த வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். பழைய கப்பின் வாய் படத்தில் 600 புள்ளி அகலமும் 150 புள்ளி உயரமும் இருந்தால், அகலத்தில் கால்பங்கு உயரம். கேமரா ஏறக்குறைய 15 டிகிரி மேலிருந்து பார்க்கிறது என்பது அதன் பொருள். புதுக் கப்பையும் அதே கோணத்திலிருந்துதான் படம் எடுத்திருக்க வேண்டும். நேர்ப் பார்வையில் எடுத்த கப்பைக் கொண்டுவந்து வைத்தால், கையை மேலிருந்தும் கப்பை எதிரிலிருந்தும் பார்ப்பதுபோல் இரண்டும் பிரிந்து நிற்கும். கப்பின் அடிவிளிம்பு வாயைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பேப்பர் கப் எளிது. பளபளப்பு இல்லை, எதையும் பிரதிபலிக்காது. எவர்சில்வர் டம்ளர் அப்படி விடாது. அதன் வளைந்த பரப்பில் பிடித்திருக்கும் விரல்களே ஒல்லியாக, நெடிதாகத் தெரியும். விரல் டம்ளரைத் தொடும் இடத்தில் நிஜ விரலும் பிம்ப விரலும் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பிம்பம் இல்லாத டம்ளர் கையில் இருப்பதாகவே தெரியாது. பிம்பத்தை வரைய முயன்றால் இன்னொரு சிக்கல்: டம்ளர் பார்ப்பது விரலின் உட்பக்கத்தை, கேமரா பார்த்ததோ வெளிப்பக்கத்தை. படத்தில் இருக்கும் விரலைப் புரட்டிப்போட்டால் பிம்பத்தில் நகம் தெரியும். நகம் டம்ளர் பக்கம் இருக்கவே முடியாது. அந்தத் தவறு அச்சான படங்களில் நிறையவே தென்படும்.

கண்ணாடி டீ கிளாஸில் உள்ளே இருப்பதைப் பொறுத்து வேலையின் அளவே மாறிவிடும். பால் டீ ஊற்றிய கிளாஸ் பாதிக்கு மேல் ஒளி ஊடுருவாதது. பின்பக்க விரல்கள் டீக்குப் பின்னால் மறைந்துபோகும். டீ மட்டத்துக்கு மேலே உள்ள வெற்றுக் கண்ணாடியிலும், அடியில் உள்ள தடித்த கண்ணாடியிலும் மட்டும் தோல் நிறம் கலங்கித் தெரிந்தால் போதும். அதே கிளாஸில் கட்டன் சாயா என்றால் தப்பிக்க முடியாது. நிறைந்த கிளாஸ் உருளை லென்ஸாக வேலை செய்யும். பின்னால் இருக்கும் விரல்கள் அகன்று, இடம்மாறித் தெரியும். முன்பு மறைந்திருந்த அந்த விரல்களை இப்போது லென்ஸ் வழியாக வேறு காட்ட வேண்டும். இதைப் பழைய படத்தில் செய்யாமல் புதிதாகப் படம் எடுத்துவிடுவதே மேல்.

அசையாத படத்துக்கே இவ்வளவு என்றால், சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1982-இல் எடுத்த ‘ஈ.டி.’ இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். படத்தின் இருபதாம் ஆண்டை ஒட்டி 2002-இல் வந்த திருத்திய பதிப்பில், சைக்கிளில் தப்பும் சிறுவர்களைத் துரத்தும் அதிகாரிகள் கையில் இருந்த துப்பாக்கிகளை அகற்றி, கம்ப்யூட்டர் வழியாக வாக்கிடாக்கிகளை வைத்தார்கள். துப்பாக்கியைப் பிடித்துத் தயாராக நிற்கும் உடம்பு வேறு, பேசுவதற்கு வாக்கிடாக்கியைத் தூக்கும் உடம்பு வேறு. விரல்களைத் திருத்தினாலும் மணிக்கட்டும் தோளும் எதைப் பிடித்திருந்தன என்பதைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் ஸ்பீல்பெர்க் மனம் மாறியது அந்தத் தொழில்நுட்பக் காரணத்தால் அல்ல. ஒரு படம் அது எடுக்கப்பட்ட காலத்தின் சாட்சி, அதைத் திருத்தியிருக்கக் கூடாது என்று அவர் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். 2012-இல் வந்த ப்ளூரே பதிப்பில் துப்பாக்கிகள் திரும்பிவிட்டன.

முடிந்த படத்தைச் சோதிக்கச் சில வழிகள் இந்தத் தொழிலில் புழங்குகின்றன. படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால், பலமணி நேரம் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்து, கோணல்கள் துருத்திக்கொண்டு நிற்கும். கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் நிழல் போதுமா என்பது விளங்கும். விரலின் ஓரமும் அதை ஒட்டிய போனின் ஓரமும் ஒரே அளவு தெளிவாக இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பார்ப்பதும் உண்டு. ஒரே தூரத்தில் இருக்கும் இரண்டில் ஒன்று கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் ஒட்டுவேலை பல்லிளித்துவிடும். பழைய படத்தில் கேமராவின் பொரிபொரிப்பு இருந்து, புதுப் போன் மட்டும் துடைத்துவிட்டதுபோல் இருந்தாலும் அப்படியே. எல்லாம் முடிந்ததும் விரல்களை ஒருமுறை எண்ணிவிடுவதும் வழக்கம். நுனிகளைத் தனித்தனி லேயராக நகர்த்தும்போது ஒன்று மறைந்துபோவதும், அடியில் கிடக்கும் பழைய நுனி ஓரமாக எட்டிப் பார்ப்பதும் சகஜம்.

பொருள் பின்னால் மாறும் என்று முன்கூட்டியே தெரிந்தால், படப்பிடிப்பிலேயே பாதி வேலையை முடித்துக்கொள்ளலாம். வரப்போகும் போனின் அளவில், அதே கனத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு போலிப் போன் செய்து மாடலின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கனம் முக்கியம். வெறும் அட்டையைப் பிடிக்கும் விரல் தளர்ந்திருக்கும், நிஜப் போனைப் பிடிக்கும் விரல்நுனி அழுத்தத்தில் சற்றுச் சப்பையாகி, நகத்தடி வெளுக்கும். சாம்பல் நிறம் விரலில் எந்தச் சாயத்தையும் விட்டுப்போகாது. கப் என்றால் உள்ளே வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக் கொடுப்பார்கள். கை அதைத் தானாகவே ஜாக்கிரதையாகப் பிடிக்கும். பிறகு கேமராவையும் விளக்குகளையும் நகர்த்தாமல், புதுப் பொருளை மட்டும் அதே இடத்தில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி இன்னொரு படம் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு படமும் கையில் இருந்தால், டிசைனருக்கு மிச்சமிருப்பது விரல்களின் ஓரத்தைப் பென் டூலால் வரைவதும் தொடும் நிழலைச் சரிபார்ப்பதும்தான்.